அக்காவின் ஓடரும் SUMPRODUCT சூத்திரமும்

மாங்குளச் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி, ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில் எங்கள் அக்கா ஒரு சின்னப் பலசரக்குக் கடை நடத்துகிறார். பெரியம்மாவின் மூத்த மகள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வவுனியாவில் இருக்கும் ஒரு மொத்தக்கடைக்கு ஓடர் அனுப்புவார். சாமான் லொறியில் வந்து இறங்கியதும் காசைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே லொறி வரும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இதைப் பல வருடமாகக் கொப்பியில் எழுதி, கல்குலேட்டரில் தட்டித்தான் பார்த்து வந்தார். பிறகு நான் என் பழைய மடிக்கணினியைக் கொடுத்து எக்செலில் போடச் சொன்னேன். முதலில் சொல்லிக்கொடுத்தது SUMPRODUCT என்ற சார்பு. சொல்லிக்கொடுக்கும்போது ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்காவின் ஒரு ஓடர் இப்படி இருக்கும். விலைகள் கணக்குக்காகப் போட்டவை, இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

| | A | B | C |
|---|---|---|---|
| 1 | சாமான் | எண்ணிக்கை | அலகு விலை |
| 2 | சீனி (கிலோ) | 50 | 230 |
| 3 | மைசூர்ப் பருப்பு (கிலோ) | 25 | 280 |
| 4 | கோதுமை மா (கிலோ) | 25 | 160 |
| 5 | தேயிலைத்தூள் (கிலோ) | 6 | 1450 |
| 6 | சவர்க்காரம் | 48 | 135 |
| 7 | தீப்பெட்டிப் பக்கற் | 10 | 180 |

பள்ளிக்கூடத்தில் படித்த சொற்களையே வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழே போவது நிரல், இடமிருந்து வலம் போவது நிரை, ஒவ்வொரு சின்னக் கட்டமும் ஒரு கலம். B நிரலில் எண்ணிக்கை, C நிரலில் ஒன்றின் விலை.

கொப்பியில் அக்கா என்ன செய்வார்? சீனிக்கு 50 தர 230, அது 11,500. பருப்புக்கு 25 தர 280, அது 7,000. இப்படி ஒவ்வொரு நிரையையும் பெருக்கி ஓரத்தில் எழுதி, கடைசியில் ஓரத்தில் உள்ளதையெல்லாம் கூட்டுவார். SUMPRODUCT செய்வதும் இதையேதான். ஓரத்தில் எழுதாமல் மனக்கணக்காகச் செய்து, கடைசி விடையை மட்டும் சொல்லும்.

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7)
```

B2:B7 என்றால் B2 முதல் B7 வரை உள்ள ஆறு கலங்கள். C2:C7 அதற்குப் பக்கத்தில் உள்ள ஆறு. முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று சோடி சேர்த்துப் பெருக்கிவிட்டு எல்லாவற்றையும் கூட்டும். மேலே உள்ள ஓடருக்கு அது 11,500 + 7,000 + 4,000 + 8,700 + 6,480 + 1,800. மொத்தம் 39,480 ரூபா. (சில கணினிகளில் பிராந்திய அமைப்பைப் பொறுத்து நடுவில் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். சூத்திரத்தை ஏற்காமல் கணினி முரண்டு பிடித்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.)

இதைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "ஏன் தம்பி, எண்ணிக்கை எல்லாத்தையும் கூட்டி, விலை எல்லாத்தையும் கூட்டி, ரெண்டையும் பெருக்கினா வராதோ?" SUM அவருக்கு முன்பே தெரியும். அதனால் இப்படி எழுதிப் பார்த்திருக்கிறார்:

```
=SUM(B2:B7)*SUM(C2:C7)
```

வந்த விடை 3,99,340. எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 164, விலைகளின் கூட்டுத்தொகை 2,435, இரண்டையும் பெருக்கினால் அதுதான் வரும். உண்மையான மொத்தத்தைப் போலப் பத்து மடங்கு. கடையை விற்றாலும் கட்ட முடியாது என்று சிரித்தார்.

ஏன் இப்படி ஊதிப் பெருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்தால் விளங்கும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கிறது. இறங்கி மூன்று பிளேன்ரீ குடிக்கிறோம், ஒன்று 60 ரூபா. நான்கு கச்சான் பக்கற் வாங்குகிறோம், ஒன்று 100 ரூபா. தேநீருக்கு 180, கச்சானுக்கு 400, ஆக 580. அக்காவின் வழியில் போட்டால் ஏழு சாமான் தர 160, அதாவது 1,120. இந்த 1,120-க்குள் என்ன இருக்கிறது? மூன்று தேநீருக்குத் தேநீர் விலை 180, நான்கு கச்சானுக்குக் கச்சான் விலை 400. இவை சரி. அதோடு மூன்று தேநீருக்குக் கச்சான் விலையும் போட்டு 300, நான்கு கச்சானுக்குத் தேநீர் விலையும் போட்டு 240. ஒவ்வொரு எண்ணிக்கையும் எல்லா விலைகளோடும் பெருக்குப்படுகிறது. சீனியின் 50 கிலோவைத் தேயிலை விலைக்கும் வாங்கிய மாதிரி. எண்ணிக்கை தன் நிரையில் உள்ள விலையை மட்டும் பார்க்க வேண்டும். SUMPRODUCT அந்தச் சோடியைக் குலைக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இதுவரைக்கும் எல்லாம் சுகம். அக்கா நான்கைந்து ஓடரை இப்படியே போட்டார், சரியாக வந்தது. பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. லொறி கடை வாசலில் நிற்கிறது, மொத்தக்கடைப் பில்லில் 39,480 என்று இருக்கிறது, அக்காவின் கணினியில் 30,780 என்று இருக்கிறது. எண்ணி வைத்த காசு கணினி சொன்ன தொகைக்குத்தான். "தம்பி, இவங்கள் 8,700 ரூபா கூடப் போட்டிருக்கிறாங்கள் போல. நான் என்ன சொல்லுறது?" லொறிக்காரர் பக்கத்தில் நிற்பது குரலிலேயே தெரிந்தது.

8,700 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆறு கிலோ தேயிலையின் பெறுமதி அது, சதம் பிசகாமல். மொத்தத்தில் குறையும் தொகை ஏதாவது ஒரு நிரையின் தொகையோடு அப்படியே ஒத்துப்போனால், விலை கூடிக் குறைந்த பிரச்சினை இல்லை அது. அந்த நிரையே கணக்கில் சேரவில்லை என்று அர்த்தம். தேயிலைக்கு நேரே C நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன்.

"ஆயிரத்து நானூற்றி ஐம்பது எண்டுதான் இருக்கு."

"எழுத்தெழுத்தா வாசியுங்கோ அக்கா."

"ஒண்டு, நாலு, அஞ்சு, சைபர், ஒரு சாய்வுக்கோடு, பிறகு சமன்."

அதுதான். மற்ற விலைகளை வெறும் எண்ணாகப் போட்டவர், அந்தக் கிழமை தேயிலை விலை மாறியிருந்ததால் மொத்தக்கடை வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து 1450/= என்று அடித்திருக்கிறார். எங்கள் நாட்டில் விலையை அப்படித்தானே எழுதுகிறோம், பில்லிலும் சுவரிலும் எல்லா இடத்திலும். ஆனால் எக்செலுக்கு 1450 ஒரு எண். 1450/= ஒரு எழுத்துத் துண்டு. "சீனி" என்று எழுதுவதற்கும் அதற்கும் எக்செல் வித்தியாசம் பார்க்காது.

SUMPRODUCT-இன் குணம் இங்கேதான் தெரிய வேண்டும். கொடுத்த கலங்களுக்குள் எண்ணல்லாத எதையாவது கண்டால் அது முறைப்பாடு செய்யாது. அதைச் சைபர் என்று எடுத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விடும். 6 தர சைபர் சைபர்தான். சிவப்புக் குறி வராது, எச்சரிக்கை வராது, விடையும் பார்க்க ஒழுங்கான விடையாகவே இருக்கும். நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டது இதைத்தான். மொத்தக்கடைப் பில்லில் பிழை ஒன்றும் இல்லை. அக்கா பக்கத்து வீட்டில் மாறிக் கொடுத்து லொறியை அனுப்பினார். என்னோடு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

எண்ணிக்கைப் பக்கமும் இதே ஆபத்து உண்டு. B நிரலில் 25 என்று எழுதாமல் "25 கிலோ" என்றோ "1 மூட்டை" என்றோ எழுதினால் அதுவும் எழுத்து, அதுவும் சைபர்.

கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சீரமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால், எக்செல் எண்ணைக் கலத்தின் வலது ஓரத்தில் ஒட்டி வைக்கும், எழுத்தை இடது ஓரத்தில் வைக்கும். விலை நிரலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால், எது இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதோ அதுதான் கள்ளன். ஆனால் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டால் இந்த அடையாளம் போய்விடும். அக்கா நடுவில்தான் வைத்திருந்தார். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், இரண்டு காவல்காரரை மூலையில் நிறுத்தினேன்.

```
=COUNT(B2:B7)
=COUNT(C2:C7)
```

COUNT என்பது எண்கள் உள்ள கலங்களை மட்டும் எண்ணும். ஆறு சாமான் இருந்தால் இரண்டிலும் 6 வர வேண்டும். அன்றைக்கு C நிரலுக்கு இதைப் போட்டிருந்தால் 5 என்று காட்டியிருக்கும், லொறி வரும் முன்பே பிடிபட்டிருக்கும். COUNTA என்று இன்னொன்று உண்டு, அது எண்ணோ எழுத்தோ வெறுமையில்லாத எதையும் எண்ணும். A நிரலுக்கு `=COUNTA(A2:A7)` போட்டால் எத்தனை சாமான் என்று அதுவே சொல்லும். மூன்று விடையும் ஒன்றாக இருந்தால் எந்தச் சாமானும் எண்ணில்லாமல் தப்பவில்லை என்று நிம்மதியாக மொத்தத்தைப் பார்க்கலாம்.

அப்படியானால் /= போடவே கூடாதா என்று அக்கா கேட்டார். விலை என்றால் அது இருந்தால்தான் அவருக்கு விலை மாதிரித் தெரிகிறதாம். போடலாம், ஆனால் விரலால் அடித்துப் போடக் கூடாது. கலத்துக்குள் 1450 என்று எண் மட்டும் இருக்கட்டும். விலைக் கலங்களைத் தெரிவுசெய்து Ctrl+1 அழுத்தி, Number பகுதியில் Custom என்பதைத் தேர்ந்து, Type என்ற பெட்டியில் இதை எழுதினால் போதும்:

```
#,##0"/="
```

திரையில் 1,450/= என்று தெரியும். உள்ளே இருப்பது 1450 என்ற எண்தான், பெருக்கல் ஒழுங்காக நடக்கும். B நிரலுக்கும் இதேபோல `0" கிலோ"` என்று போடலாம். எண் ஒன்று, அது போட்டிருக்கும் சட்டை இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே /= சேர்த்து அடித்த பழைய தாள்களுக்கு Ctrl+H அழுத்தி, /= என்பதைத் தேடி, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டு Replace All கொடுத்தால் எல்லாம் எண்ணாகிவிடும். அந்தக் கலங்கள் Text என்று வடிவமைக்கப்படாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு COUNT சரியாகிறதா என்று பாருங்கள்.

சத்தம் போடாமல் விழுங்கும் இந்தக் குணம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு எழுத்துமுறையும் உண்டு. காற்புள்ளிக்குப் பதிலாகப் பெருக்கல் குறி:

```
=SUMPRODUCT(B2:B7*C2:C7)
```

எல்லாம் எண்ணாக இருந்தால் இரண்டும் ஒரே விடையைத் தரும். 1450/= மாதிரி ஒன்று உள்ளே இருந்தால் இது சைபர் என்று சமாளிக்காது, மொத்தம் வரும் இடத்தில் #VALUE! என்று கத்தும். காரணம், இங்கே பெருக்கலை நீங்களே நட்சத்திரக் குறியால் கேட்கிறீர்கள். எழுத்தைப் பெருக்க எக்செலால் முடியாது. தலைப்பு நிரையைத் தவறுதலாகச் சேர்த்து B1:B7*C1:C7 என்று எழுதினாலும் இதே கூச்சல்தான் வரும், "எண்ணிக்கை" தர "அலகு விலை" என்ன வரும் பாவம். காசு கொடுக்கும் கணக்குக்கு நான் இந்த எழுத்துமுறையைத்தான் விரும்புவேன். பிழையான மொத்தத்தை விட #VALUE! எவ்வளவோ மேல். ஆனால் இதுவும் வெறும் கலத்தைச் சைபராகத்தான் எடுக்கும், விலை போட மறந்துபோனதை இது பிடிக்காது. அதனால் COUNT காவல்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

அடுத்ததாக, மூட்டைக் கணக்கு. சில மொத்தக்கடைகள் விலையைக் கிலோவுக்குச் சொல்லும், சாமானை மூட்டையாக ஏற்றும். அக்கா "சீனி 1" என்று எழுதுவார், அவர் மனதில் ஒரு மூட்டை. விலை 230, அது ஒரு கிலோவுக்கு. சூத்திரம் 1 தர 230 என்று போட்டு ஐம்பது கிலோ சீனியை 230 ரூபாவுக்கு வாங்கித் தந்துவிடும்! இரண்டு நிரல்களும் ஒரே அலகைப் பேச வேண்டும் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரிய வேண்டும். கிலோவாக மாற்றி எழுதலாம். அல்லது இன்னொரு நிரலைச் சேர்க்கலாம், ஏனென்றால் SUMPRODUCT இரண்டோடு நின்றுவிடாது. D நிரலில் "ஒன்றில் எத்தனை" என்று போடுவோம். சீனிக்கு எண்ணிக்கை 1, விலை 230, ஒன்றில் 50. பருப்பு 1, 280, 25. மா 1, 160, 25. சவர்க்காரம் 1 பெட்டி, 135, 48. தேயிலை முன்போலவே 6, தீப்பெட்டி 10.

```
=SUMPRODUCT(B2:B7,C2:C7,D2:D7)
```

இப்போது ஒவ்வொரு நிரையிலும் மூன்றையும் பெருக்கி, பிறகு கூட்டும். தேயிலையையும் தீப்பெட்டியையும் ஒவ்வொன்றாகத்தானே வாங்குகிறோம் என்று அவற்றின் D கலத்தை வெறுமையாக விட்டால் மொத்தம் 28,980 என்று வரும். வெறுமையும் சைபர்தான் என்பதால் 8,700-உம் 1,800-உம் சேர்ந்து காணாமல் போய்விடும். அங்கே 1 என்று போட வேண்டும். போட்டால் பழைய 39,480 திரும்பி வரும்.

எல்லைகளைப் பற்றிக் கொஞ்சம். B2:B7,C2:C6 என்று ஒன்றை நீளமாகவும் மற்றதைக் கட்டையாகவும் கொடுத்தால் SUMPRODUCT சோடி சேர்க்க முடியாமல் #VALUE! தரும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். நீளம் ஒன்றாக இருந்து ஒரு நிரை சறுக்கினால்தான் வில்லங்கம். B2:B7,C3:C8 என்று எழுதினால் இரண்டும் ஆறு கலம்தான், அதனால் எக்செல் வாய் திறக்காது. சீனியின் எண்ணிக்கை பருப்பு விலையோடும், மாவின் எண்ணிக்கை தேயிலை விலையோடும் பெருக்குப்பட்டு, அக்காவின் ஓடருக்கு 63,700 வரும். ஆகவே சூத்திரத்தை அடித்த பிறகு அதற்குள் இருக்கும் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று ஒரு தடவை பாருங்கள்.

புதுச் சாமான் சேர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். நடுவில் ஒரு நிரையை நுழைத்தால் சூத்திரம் தானாக நீளும். ஆனால் ஏழாவது நிரைக்குக் கீழே எட்டாவதில் உப்பை எழுதிவிட்டு, B7 வரைதான் சூத்திரம் பார்க்கிறது என்பதை மறந்துபோவது எல்லோரும் செய்வது. வெறும் கலம் சைபர் என்ற அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. முதலிலேயே `=SUMPRODUCT(B2:B40,C2:C40)` என்று நீட்டி எழுதி, மொத்தத்தையும் காவல்காரரையும் F நிரலில் மேலே வைத்துவிட்டால், நாற்பதாவது நிரை வரைக்கும் எதைச் சேர்த்தாலும் கணக்கில் வரும். சேர்க்காத நிரைகள் ஒரு சதமும் கூட்டாது. COUNT, COUNTA எல்லைகளையும் 40 வரை நீட்ட மறக்க வேண்டாம்.

அக்காவின் தாளில் இப்போது F1-இல் மொத்தம், அதற்குக் கீழே மூன்று எண்கள். போன ஓடரில் 11, 11, 10 என்று இருந்தது. விலை நிரலில் பார்த்தால் நல்லெண்ணெய்க்கு நேரே "கேட்டுச் சொல்" என்று எழுதியிருந்தார்.